எல்லாம் நாலில் முடிந்த சீட்டு

கடை பில்களைச் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. செருப்புப் பெட்டி ஒன்றில் மாதவாரியாக ரப்பர் போட்டு அடுக்கியிருப்பேன். சூப்பர் மார்க்கெட் தாளில் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிவிடும் என்பதால், வாங்கின வாரத்திலேயே ஜெராக்ஸ் எடுத்துத் தேதியை மேலே எழுதிவிடுவேன். திருப்பதியில் எந்த மாதம் துவரம்பருப்பு என்ன விலை விற்றது என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியும். இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்தப் பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகலாம் என்று தோன்றியது ஜூலை மாதத்தில். நகரிக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் வழி நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். திருப்பதியிலிருந்து காலைப் பாசஞ்சரில் போய் சாயங்கால வண்டியில் திரும்புவேன். ஏழாம் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் விசைத்தறி, மீதிப் பேர் வீட்டில் நிலம். கூட்டல் எல்லாருக்கும் வரும். ஆனால் ஐந்நூறு வரவேண்டிய இடத்தில் ஐயாயிரம் வந்தாலும் அப்படியே எழுதிவிட்டு, அடியில் இரட்டைக் கோடு போட்டுவிடுவார்கள். விடை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு மதிப்பு மனதில் இல்லை. அதற்குத்தான் பில்.

புதன்கிழமை கடைசி வகுப்பை அதற்கென்று வைத்தேன். மொத்தத்தை மடித்து மறைத்துவிட்டு ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பில் கொடுப்பேன். ஒவ்வொரு வரியையும் பக்கத்துப் பத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கடைசி இலக்கம் ஐந்தோ அதற்கு மேலோ என்றால் மேல் பத்து. நாலோ அதற்குக் கீழோ என்றால் கீழ் பத்து. பிறகு பேனாவைத் தொடாமல் மனதில் கூட்ட வேண்டும். முதல் நாள் கொடுத்த பில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: 49, 99, 38, 78, 129, 59. பிள்ளைகள் 50, 100, 40, 80, 130, 60 என்று கூட்டி 460 என்றார்கள். மடிப்பைப் பிரித்தால் 452. வகுப்பே கத்தியது.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, ஒரு பெண் எழுந்து நின்றாள். வகுப்பிலேயே வேகமாக மதிப்பிடுகிறவள் அவள்தான். எங்கள் பள்ளியில் மதிய உணவு சமைக்கிற அம்மாவின் மகள்.

"டீச்சர், ஒண்ணு கண்டுபுட்சேன். நம்ம கணக்கு எப்பவும் மேல நிக்குது. பில்லு எப்பவும் அதுக்குக் கீழதான் வருது. ஒரு தபாகூட மேல போகல."

நான் அதுவரை செய்த எல்லா பில்களையும் பார்த்தேன். உண்மைதான். முப்பதுக்கு முப்பது.

"அப்ப பில்லு மேல போனா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"போனா தப்பு. கடைக்காரன் ஏமாத்துறான்."

நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஏன் அப்படி வருகிறது என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் கைதட்டினேன். அவளையே சார்ட் பேப்பரில் எழுதச் சொல்லி, சுவரில் ஒட்டினேன்: 'நம் மதிப்பு மேலே, பில் கீழே. பில் மேலே போனால் தப்பு.' அதைக் கண்டுபிடித்த நாளையும் மூலையில் குறித்தேன். தேதி போடுவதில் எனக்கிருக்கும் ஆர்வம் காரணம் கேட்பதில் இல்லாமல் போன நாள் அது.

குழந்தைகள் தினத்துக்குப் பெற்றோர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஒரு விருந்து போட்டார்கள். பிள்ளைக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம், தொண்ணூறு பிள்ளைகளுக்கு இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது. அரிசி பள்ளியில் இருந்தது. மளிகைச் சாமான் வாங்கும் வேலையைச் சமையல் அம்மாவிடம் ஒப்படைத்தார் தலைமை ஆசிரியர். அந்த அம்மா நகரி கடைத்தெருவுக்குப் போய் வாங்கிவந்து, சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் வடையும் செய்தார். முப்பத்துநாலு ரூபாய் மீதியையும் கடைக்காரர் கையால் எழுதிய சீட்டையும் தலைமை ஆசிரியர் மேசையில் வைத்தார்.

"இந்தாங்க டீச்சர், ஒங்க பில்லு வகுப்புக்கு. கையெழுத்து பில்லு, புதுசா இருக்கும்" என்று அந்தச் சீட்டைச் சமையல் அம்மாவேதான் எடுத்து எனக்குக் கொடுத்தார். நானும் சந்தோஷமாக வாங்கி நாலு பிரதி எடுத்தேன்.

அந்தப் புதன்கிழமை சீட்டில் பதினான்கு வரி. துவரம்பருப்பு 224, பாசிப்பருப்பு 164, உளுந்து 194, வெல்லம் 144, நெய் 324, முந்திரி 234, உலர்திராட்சை 94, மிளகு 84, சீரகம் 44, ரவை 124, எண்ணெய் 289, சேமியா 119, ஏலக்காய் 89, சர்க்கரை 89. பிள்ளைகள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். சமையல் அம்மாவின் மகள்தான் முதலில் கை தூக்கினாள்.

"ரெண்டாயிரத்து நூத்தி எம்பது."

மற்ற மூன்று குழுக்களும் அதையே சொன்னார்கள். நான் மடிப்பைப் பிரித்துப் பலகையில் எழுதினேன்: 2216.

யாரும் கத்தவில்லை. இருபத்திரண்டு தலைகளும் சுவரில் இருந்த சார்ட் பக்கம் திரும்பின.

"பில்லு மேல போய்க்கிது" என்றான் பின்வரிசைப் பையன். "முப்பத்தாறு ரூவா."

"ஏய், அது ஒங்கம்மா வாங்கினதுடி" என்று இன்னொருத்தி மெதுவாகச் சொன்னாள்.

அந்தப் பெண் மறுபடி கூட்டினாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. மறுபடியும் 2180. நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்தாள்.

மணி அடித்தது. ஆன்லைன் வருகைப் பதிவுக்கு என் கைபேசி வேண்டும் என்று தலைமை ஆசிரியர் வாசலில் நின்றார். எனக்கு ரயிலும் இருந்தது. "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்த இரண்டு வார்த்தைக்கு எவ்வளவு விலை என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

புத்தூர் தாண்டும்போது தலைமை ஆசிரியரின் அழைப்பு வந்தது.

"டீச்சர், சீக்கிரம் வாங்க. கமிட்டிக்காரங்க வந்து ஒக்காந்துகினு இருக்காங்க. அந்தம்மா முப்பத்தாறு ரூபா துன்னுட்டாங்களாம். ஒங்க வகுப்புல பசங்களே கண்டுபிடிச்சாங்களாம்."

பின்வரிசைப் பையனின் அப்பா நாலு விசைத்தறி வைத்திருப்பவர். பெற்றோர் கமிட்டியில் அவர் சொல் எடுபடும். சமையல் வேலை அந்த மாதத்தோடு புதுப்பிக்க வேண்டியது. அதைத் தன் தம்பி மனைவிக்கு வாங்கித்தர அவர் ஒரு வருஷமாக முயன்றுகொண்டிருந்ததும் ஊரறிந்த விஷயம். பையிலிருந்த பில்களை மடியில் பரப்பினேன். பிள்ளைகள் செய்து முடித்த அந்த முப்பது பில்கள். விலைகளின் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்பது, ஒன்பது, எட்டு, ஒன்பது, ஐந்து, எட்டு, ஒன்பது. நாற்பத்தொன்பதுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் விற்கிற கடையில் எதைப் பக்கத்துப் பத்துக்குக் கொண்டுபோனாலும் மேலேதான் போகும். அதனால்தான் நம் மதிப்பு எப்போதும் மேலே நின்றது. அது கணக்கின் விதி அல்ல. திருப்பதி சூப்பர் மார்க்கெட்டின் விலை ஒட்டும் வழக்கம். அச்சடித்த பில் தருகிற கடை அதுதான் என்பதால், என் பெட்டியில் வேறு பில்லே இல்லை.

சீட்டை எடுத்தேன். பதினான்கு வரியில் பத்து வரி நாலில் முடிந்தது. நாலில் முடிகிற ஒவ்வொரு வரியிலும் நாலு ரூபாயை விட்டுவிட்டுக் கீழே இறங்குகிறோம். பத்து வரிக்கு நாற்பது. ஒன்பதில் முடிந்த நாலு வரியில் ஒவ்வொரு ரூபாய் மேலே ஏறுகிறோம். நாற்பதில் நாலு போக முப்பத்தாறு. திருடு போனதாகச் சொன்ன முப்பத்தாறும் எங்கே போயிற்று என்று தெரிந்துவிட்டது. நாங்களேதான் கீழே போட்டிருந்தோம்.

ஆனால் ஏன் எல்லாம் நாலிலும் ஒன்பதிலும் முடிகிறது? அது எனக்கு விளங்கவில்லை. ரயிலில் இருந்து இறங்கி ஆட்டோவில் போகும்போதும் விளங்கவில்லை.

தலைமை ஆசிரியர் அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சமையல் அம்மா கதவருகே நின்றார். சாமான் அறைச் சாவிக்கொத்து எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். அன்று அது மேசை மேல் இருந்தது. வாங்கி வைத்துவிட்டார்கள். மகள் வெளியே வராந்தாவில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை.

"கூட்டல் சரியாத்தான் இருக்குது" என்றார் தலைமை ஆசிரியர் கைபேசியைக் காட்டி. "நானே போட்டுப் பாத்தேன். ரெண்டாயிரத்து இருநூத்திப் பதினாறு."

"கூட்டல் சரிதான் சார், யாரு இல்லன்னாங்க?" என்றார் தறிக்காரர். "வெலயிலயே ஏத்திக் கட்டியிருந்தா கூட்டல் சரியாத்தான வரும்? கடைக்காரனும் இவங்களும் பேசிக்கினு எழுதின சீட்டு. பசங்க போட்ட கணக்குல மாட்டிக்கிச்சு. இவங்க சொந்தப் பொண்ணே சொல்லிச்சாமே, பில்லு மேல போச்சுன்னு. அதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

"அந்தக் கணக்கு தப்பு" என்றேன் நான். "தப்பு என்னுடையது. நான் சொல்லிக்கொடுத்த விதி தப்பு."

"இத்தன மாசமா சரியா இருந்த விதி, நேத்து மட்டும் தப்பாயிடுச்சா டீச்சர்?"

நான் ரயிலில் கண்டதைச் சொல்லத் தொடங்கினேன். ஒன்பதில் முடிந்தால் மேலே, நாலில் முடிந்தால் கீழே. சொல்லச் சொல்ல அவர் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக் கொண்டார். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். தறி வைத்திருப்பவர், எண்ணுக்குப் புதியவர் அல்ல.

"நல்லாப் பாருங்க. எரநூத்தி இருவத்திநாலு. நூத்தி அறுவத்திநாலு. தொண்ணூத்திநாலு. எம்பத்திநாலு. எந்த ஊருலங்க எல்லாச் சாமானும் நாலு ரூவாயில முடியும்? இது எழுதிவச்ச லெக்க, பொய்க் கணக்கு. இதுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்."

எல்லாரும் சமையல் அம்மாவைப் பார்த்தார்கள். நானும்தான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கும் சந்தேகம் வந்தது. அதை மறைக்காமல் எழுதிவிடுவதே சரி.

"இன்னா பாக்கறீங்க?" என்றார் அவர். கோபமாக ஓர் அடி முன்னால் வந்தார். "அஞ்சு ரூவான்னு எங்கெல்லாம் சொன்னானோ அங்கெல்லாம் ஒத்த ரூவா கொறச்சி வாங்கினேன். எரநூத்தி இருவத்தஞ்சுன்னான், இருவத்திநாலு போடுன்னேன். தொண்ணூறுன்னான், எம்பத்தொம்பது போடுன்னேன். பதினாலு சாமான், பதினாலு வாட்டி கேட்டேன்."

"ஒத்த ரூவாயா? யாராவது ஒத்த ரூவாய்க்கு பேரம் பேசுவாங்களா?"

"மொத்தத்துல கொறன்னு கேட்டா அஞ்சு ரூவா குடுத்து அனுப்பிடுவான். ஒவ்வொண்ணுக்கும் ஒத்த ரூவா கேட்டா, இல்லன்னு சொல்ல அவனுக்கு வெக்கமாயிடும். எங்க வூட்டுக்கும் அப்படித்தான் வாங்குவேன். பசங்க காசுன்னு கேக்காம வுட்டுட்டு வரவா?"

தறிக்காரர் சிரித்தார். "நல்லாப் பேசறாங்க. கடைக்காரனக் கேட்டா தெரிஞ்சிடும்."

தலைமை ஆசிரியர் சீட்டின் தலைப்பில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. தறிக்காரர் சாவிக்கொத்தை விரலால் தன் பக்கம் நகர்த்தினார். மூன்றாவது தடவை எடுத்த குரல் மூச்சு வாங்கியது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்திருப்பார் போலிருக்கிறது.

"ஏமண்டி?"

போன வாரம் ஸ்கூல் விருந்துக்குச் சாமான் வாங்கிப் போன அம்மாவை நினைவிருக்கிறதா, அவர்கள் சீட்டில் விலை எல்லாம் சரிதானா என்று மட்டும் கேட்டார் தலைமை ஆசிரியர். வேறு எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"அந்தம்மாவா? தெரியாம இன்னா!" கடைக்காரர் தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாறினார். "சரின்னு எங்க சார் சொல்றது? நான் சொன்ன வெல வேற, எழுதின வெல வேற. சாமானுக்கு ஒத்த ரூவா, சாமானுக்கு ஒத்த ரூவான்னு பதினாலு ரூவா புடுங்கிக்கினு போச்சு. பின்னாடி நாலு கிராக்கி நின்னுக்கினு சிரிக்கறாங்க. இனிமேட்டு வேற ஆள அனுப்புங்க சார், புண்ணியமாப் போகும்."

அறையில் ஒருவர் சிரித்துவிட்டார். தறிக்காரர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் வராந்தாவிலிருந்து அந்தப் பெண் உள்ளே வந்தாள். யாரிடமும் கேட்காமல், வருகை எழுதும் சிறு பலகையில் ஒரு பக்கத்தை அழித்துவிட்டு எழுதத் தொடங்கினாள். 225, 165, 195, 145. அம்மா பேரம் பேசாமல் இருந்தால் என்ன விலையோ அது. பதினான்கு வரி. பக்கத்தில் பக்கத்துப் பத்து: 230, 170, 200, 150. சுண்ணாம்புக்கட்டி பலகையில் தட்டும் ஓசை மட்டும் கேட்டது.

"மதிப்பு, ரெண்டாயிரத்து எரநூத்தி எம்பது" என்றாள். "பில்லு, ரெண்டாயிரத்து எரநூத்தி முப்பது. பில்லு அம்பது ரூவா கீழ." சுண்ணாம்புக்கட்டியை வைத்தாள். "கடைக்காரன் சொன்ன வெலைக்கே அம்மா வாங்கியிருந்தா, எங்க சார்ட்டு சரின்னு சொல்லியிருக்கும் டீச்சர்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"இது எப்படி இருக்குது பாரு" என்றார் சமையல் அம்மா. "பேரம் பேசாம பதினாலு ரூவாய உட்டுட்டு வந்திருந்தா நான் நல்லவ. பேசி மிச்சம் பண்ணதால திருடி."

தறிக்காரர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தை நாலாக்கினால் மேலே போக வேண்டியது கீழே போகிறது; ஒரு ரூபாய் குறைத்ததில் மதிப்பு பத்து ரூபாய் சரிகிறது. அதை அவர் புரிந்துகொண்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"அப்ப எவ்வளோ வித்யாசம் வந்தாத்தான் தப்புன்னு சொல்லணும்?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, அந்தப் பெண்ணிடமா, தெரியவில்லை.

நான் பதில் சொன்னேன். ஒரு வரியில் அதிகம் போனால் ஐந்து ரூபாய்தான் இப்படியோ அப்படியோ தவறும். பதினான்கு வரிக்கு எழுபது. எழுபதுக்குள் இருந்தால் மதிப்பீட்டை வைத்துக்கொண்டு யாரையும் ஒன்றும் சொல்ல முடியாது. அதைத் தாண்டினால்தான், பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். இதை ஜூலையிலேயே சொல்லியிருக்க வேண்டியவள் நான் என்பதையும் சொன்னேன். தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். தலைமை ஆசிரியர் தயங்கினார். நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அன்றைய தேதியோடு.

கமிட்டி வேலையைப் புதுப்பித்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தறிக்காரர் எழுந்து போகும்போது சாவிக்கொத்தை மேசையின் அந்த ஓரத்துக்குத் தள்ளினார், அவ்வளவுதான். சமையல் அம்மா அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "மணி பத்தாவப் போவுது, பருப்பு வேகணும்" என்று போய்விட்டார்.

சார்ட்டை நான் கிழிக்கப் போனபோது அந்தப் பெண் தடுத்தாள். "என்னோட எழுத்து டீச்சர்" என்று சொல்லி, தானே கழற்றி, நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் என் வகுப்பில் அவள் கை தூக்கவில்லை. நான் கேட்டால் விடை சொல்வாள், சரியாகச் சொல்வாள். தானாகச் சொல்லமாட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. பிள்ளைகளைச் சந்தைக்கு அனுப்பி, காய்கறிக்காரர்களிடம் கேட்ட விலைகளை அவர்கள் கையாலேயே எழுதிவரச் சொன்னேன். அந்த விலைகள் எப்படி வேண்டுமானாலும் முடிந்தன.

மூன்றாவது புதன்கிழமை கடைசி வகுப்பு தொடங்கியிருந்தது. சமையல் அம்மா வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சீட்டு. அவர் வீட்டுக்கு வாங்கின மளிகை.

"இந்தாங்க டீச்சர். இதயும் போடச் சொல்லுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

மொத்தத்தை மடித்து மறைத்துப் பலகையில் வரிகளை எழுதினேன். ஒன்பது வரி. பெரும்பாலும் நாலு, ஒன்பது. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். பின்வரிசைப் பையன் தலையைக் குனிந்துகொண்டே கூட்டினான்.

அந்தப் பெண் கை தூக்கினாள்.

"எரநூத்தி எழுவது" என்றாள். பிறகு, வாசலைப் பார்க்காமல், "நாப்பத்தஞ்சு முன்ன பின்ன இருக்கலாம். பில்லு மேலதான் இருக்கும்."

மடிப்பைப் பிரித்தேன். 291.

"எப்படிடி மேலன்னு சொன்ன?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

"யாரு வாங்கினதுன்னு தெரியுமில்ல?" என்றாள் அவள்.

வாசலில் சாவிக்கொத்து ஒருமுறை குலுங்கியது. திரும்பிப் பார்த்தபோது சமையல் அம்மா போய்விட்டிருந்தார். அந்த இரண்டு சீட்டுகளும் இப்போது என் பெட்டியில், சூப்பர் மார்க்கெட் ஜெராக்ஸ்களுக்கு நடுவே இருக்கின்றன. கையெழுத்து என்பதால் எழுத்து மங்கவில்லை.